செயல்முறை வகுப்புக்குப் பொருளும் நேரமும் கேட்டுத் தலைமையாசிரியைக்கு எழுதும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அறிவியல் செயல்முறை நடத்தத் தேவையான பொருட்களையும் கூடுதல் நேரத்தையும் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." பெரும்பாலான கடிதங்களில் இருப்பது இந்த ஒரு வரிதான். பணிவு குறைவில்லாமல் இருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டுத் தலைமையாசிரியை எதற்கு ஒப்புதல் தருவார்? எந்தப் பொருள், எத்தனை, யாருடைய பாடவேளை, என்றைக்கு என்று எதுவும் தெரியாததால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். தவறு செய்தவர் அவர் அல்ல, எழுதிய நாம்தான்.

ஒன்பதாம் வகுப்புக்கு இலையில் ஸ்டார்ச் சோதனை செய்துகாட்ட நினைக்கும் ஓர் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் நாற்பது பேர். ஐந்து பேருக்கு ஒரு குழு என்று எட்டுக் குழுக்கள். தொட்டிச் செம்பருத்தியை இரண்டு நாள் இருட்டில் வைத்தால் இலையில் சேர்ந்திருக்கும் ஸ்டார்ச் தீர்ந்துபோகும். பிறகு சில இலைகளில் கறுப்புக் காகிதப் பட்டையைக் கிளிப்பால் பொருத்தி, நான்கைந்து மணி நேரம் வெயிலில் வைக்க வேண்டும். இலையைப் பறித்துக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, சூடான ஸ்பிரிட்டில் பச்சையத்தை நீக்கி, வெந்நீரில் அலசி, அயோடின் விட்டால் வெயில் பட்ட இடம் கருநீலமாகும். பட்டை மூடிய இடம் அயோடினின் பழுப்பு மஞ்சளிலேயே நிற்கும்.

கடிதத்தில் நேரும் முதல் தவறு தேதியில்தான். செவ்வாய்க்கிழமை கடிதம் கொடுத்துப் புதன்கிழமை வகுப்பு கேட்பார்கள். செடி திங்கள் காலையிலேயே இருட்டுக்குள் போயிருக்க வேண்டும். கடையில் பொருள் வாங்கவும் சில நாள் வேண்டும். ஆகவே ஒரு வாரம் முன்பே கொடுங்கள். நேரமும் அப்படித்தான். காலை முதல் பாடவேளை காலியாக இருக்கிறதே என்று அதைக் கேட்டுவிட்டால் சோதனையே நடக்காது. அன்று காலை ஒன்பது மணிக்குத்தான் செடி வெளியே வருகிறது. மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் இலை தயார். வெயில் இல்லாத நாளுக்கு மாற்றுத் தேதியையும் அதே கடிதத்தில் எழுதிவிட வேண்டும்.

அடுத்தது "கூடுதல் நேரம்" என்று மொட்டையாகக் கேட்பது. ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். இலை பறித்துக் கொதிநீரில் போடப் பத்து நிமிடம், பச்சையம் நீங்க இருபது, அலசி அயோடின் விட்டுப் பார்க்கப் பதினைந்து, படம் வரைந்து பேசப் பதினைந்து, கழுவி அடுக்கப் பத்து. மொத்தம் எழுபது நிமிடம். இதில் இடைவெளி விட்டு இரண்டு நாளாகப் பிரிக்க முடியாது என்பதையும் சொல்லுங்கள். பறித்த இலை மறுநாள் வரை காத்திருக்காது.

இந்த எண்களைப் புத்தகம் பார்த்து எழுதாதீர்கள். வகுப்புக்கு முன் ஒரு செம்பருத்தி இலையை நீங்களே தனியாகச் செய்து பாருங்கள். தடித்த முற்றிய இலையில் பச்சையம் நீங்க நேரமாகும். இளம்பருவம் தாண்டிய மெல்லிய இலை சீக்கிரம் வெளுக்கும்.

அப்புறம், யாருடைய பாடவேளை என்பது. இந்தச் சிக்கலைத் தலைமையாசிரியை தலையில் கட்டுவது பலரும் செய்யும் தவறு. அடுத்த பாடவேளைக்கு உரிய ஆசிரியரிடம் முதலில் பேசி, எந்த நாளில் திருப்பித் தருவீர்கள் என்று முடிவுசெய்து, கடிதத்தின் கீழேயே அவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.

பொருள் பட்டியலில், ஆய்வகத்தில் இருப்பதையும் சேர்த்துக் கேட்பது பெரிய தவறு. இருப்புப் பதிவேட்டைப் பார்க்காமல் எழுதினால் "ஏற்கெனவே பீக்கர் இருக்கிறதே" என்ற கேள்வியோடு கடிதம் திரும்பி வரும். இருப்பதைத் தனியாகவும் வாங்க வேண்டியதைத் தனியாகவும் எழுதுங்கள். அளவு எப்படி வந்தது என்பதும் தெரிய வேண்டும். குழுவுக்கு ஒரு சோதனைக் குழாய், அதற்கு 15 மி.லி. ஸ்பிரிட் என்றால் எட்டுக்கு 120 மி.லி. சிந்தும், ஒரு குழு மறுபடி செய்யும். 200 மி.லி. கேட்டால் போதும். "ஒரு லிட்டர் இருந்தால் நல்லது" என்று எழுதுவது செலவையும் ஆபத்தையும் சேர்த்தே கூட்டும்.

ஆபத்து என்றதும் பலர் அதைக் கடிதத்தில் மறைத்துவிடுகிறார்கள். அனுமதி கிடைக்காதோ என்ற பயம். இதை நான் கடுமையாகவே சொல்வேன்: ஸ்பிரிட் தீப்பற்றும் பொருள். ஒரு பள்ளியில் அது வருவது தலைமையாசிரியைக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அதில் இருக்கும் எத்தனால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். ஆகவே ஸ்பிரிட்டைச் சூடாக்க நெருப்பு வேண்டாம், கெட்டிலில் காய்ச்சிய வெந்நீரில் குழாயை நிறுத்தினாலே போதும். நீர் ஆற ஆற ஒரு முறை மாற்ற வேண்டும். இரண்டாவது பாடவேளை கேட்பதற்கு உண்மையான காரணமும் இதுதான். நெருப்பைத் தவிர்ப்பதால்தான் நேரம் கூடுகிறது. இந்த இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துச் சொன்னால் நேரம் கேட்பதன் நியாயம் தானே விளங்கும்.

சரி, எல்லாம் சேர்ந்தால் கடிதம் இப்படி வரும்:

*பொருள்: ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு – இலையில் ஸ்டார்ச் சோதனை – பொருட்களும் கூடுதல் பாடவேளையும் வேண்டுதல் – தொடர்பாக.*

*மதிப்பிற்குரிய அம்மா,*

*வணக்கம். வரும் வாரம் புதன்கிழமை மதியம் ஆறாவது, ஏழாவது பாடவேளைகளில், மாணவர்கள் எட்டுக் குழுக்களாக இச்சோதனையைச் செய்யத் திட்டமிட்டுள்ளேன். ஆறாவது என்னுடையது. ஏழாவது பாடவேளையைச் சமூக அறிவியல் ஆசிரியை தர இசைந்துள்ளார். வெள்ளி இரண்டாவது பாடவேளையை அவருக்குத் தருகிறேன். அன்று வெயில் இல்லையெனில் அதற்கடுத்த புதன்கிழமை இதே ஏற்பாட்டில் நடத்த அனுமதி வேண்டுகிறேன்.*

*ஆய்வகத்தில் சோதனைக் குழாய், பீக்கர், இடுக்கி தலா எட்டு உள்ளன. வாங்க வேண்டியவை: ஸ்பிரிட் 200 மி.லி., அயோடின் கரைசல் 50 மி.லி., சொட்டுக் குழாய் 8, கறுப்புக் காகிதம் 2 தாள், கிளிப் ஒரு பெட்டி. கடையின் விலைப்புள்ளியை இணைத்துள்ளேன். அலுவலக மின்கெட்டில் அந்த இரு பாடவேளைகளுக்கு மட்டும் தேவை.*

*ஸ்பிரிட் தீப்பற்றக்கூடியது என்பதால் ஸ்பிரிட் விளக்கோ அடுப்போ பயன்படுத்த மாட்டோம். வெந்நீரில் வைத்தே சூடாக்குவோம். அதனால்தான் ஒரு பாடவேளை போதாது. ஸ்பிரிட்டையும் வெந்நீரையும் நானே ஊற்றுவேன். மீதமுள்ள ஸ்பிரிட்டைப் பூட்டிய அலமாரியில் வைத்துப் பதிவேட்டில் ஏற்றுகிறேன்.*

*இப்படிக்கு,*
*அறிவியல் ஆசிரியை*

இதில் ஒளிச்சேர்க்கையின் பெருமை பற்றி ஒரு வரியும் இல்லை. ஒரு பத்தி அளவுக்கு அதை எழுதுபவர்கள் உண்டு. தலைமையாசிரியைக்கு அது தேவையில்லை. அவருக்குத் தேவையான செலவு, நேர மாற்றம், பாதுகாப்பு மூன்றும் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டன.

ஒப்புதல் வந்ததும் ஒரு நகலை நேர அட்டவணை பார்க்கும் ஆசிரியரிடம் கொடுங்கள். செடி இருக்கும் அலமாரியின் கதவில் "புதன் காலை வரை திறக்க வேண்டாம்" என்று ஒட்டி, அறையைப் பெருக்க வரும் அம்மாவிடமும் வாயால் சொல்லிவிடுங்கள். நடுவில் கதவைத் திறந்து வெளிச்சத்தில் விட்டுவிட்டால் இலையில் மறுபடி ஸ்டார்ச் சேரும். அப்போது பட்டை மூடிய இடமும் கருநீலமாகி, மாணவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் புதன் காலை செடியை வெயிலுக்குக் கொண்டுபோகும் முன் ஓர் இலையை மட்டும் பறித்து, ஆய்வகத்தில் இதே முறையில் அயோடின் விட்டுப் பாருங்கள். நிறம் கருநீலமானால் அன்றைய வகுப்பை நிறுத்திவிட்டு, கடிதத்தில் கேட்டு வாங்கிய மாற்றுத் தேதிக்குப் போய்விடலாம்.