“malai” என்பது மழையா, மாலையா? ரோமன் எழுத்து அறிவித்தல்களைத் தமிழுக்கு மாற்றும் முறை

களுவாஞ்சிகுடியில் நடக்கும் ஒரு தனியார் வகுப்பின் அறிவித்தல்களை வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் இடும் பொறுப்பு என்னுடையது. மாரி காலத்தில் ஒரு நாள் “nalai malai class illai” என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் மாலை வகுப்பு மட்டும் நடைபெறாது என்பதே நான் சொல்ல வந்தது. அந்த வாரம் முழுவதும் விடாமல் பெய்துகொண்டிருந்ததால் பெற்றோர் பலர் அதனை “நாளை மழை, வகுப்பு இல்லை” என்று வாசித்துவிட்டார்கள். காலை வகுப்புக்கு வரவேண்டிய பிள்ளைகளும் வீட்டிலேயே நின்றுவிட்டார்கள்.

நம் பகுதியில் ல, ள, ழ மூன்றையும் l என்ற ஒரே எழுத்தால் எழுதுவதும் நெடிலைக் காட்டாமல் விடுவதும் வழக்கம் என்பதால், மலை, மழை, மாலை ஆகிய மூன்றும் malai ஆகிவிடுகின்றன. வாசிப்பவர் முன்பின் சொற்களைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். என் வரியில் இரண்டு ஊகங்களும் பொருந்தின.

தேடும்போது இடர் எதிர்த்திசையில் வருகிறது. அங்கே ஒரே சொல் பல வடிவங்களாகச் சிதறுகிறது. “வகுப்பு” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்து v அல்லது w. நடுவில் வரும் கு என்பது gu, ku, hu ஆகிய மூன்றில் ஒன்று. இறுதி ppu அல்லது pu. பெருக்கினால் பன்னிரண்டு எழுத்துக்கூட்டல்கள். நான் vaguppu என்று எழுதியதை ஒரு தாய் wahuppu என்று தேடினால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் வட்ஸ்அப் தேடலில் அது அகப்படாது. தமிழெழுத்தில் இச்சொல்லுக்கு ஒரே வடிவம்தான்.

முதற்படி. கைப்பேசியில் ஜிபோர்ட் விசைப்பலகையின் அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்து, “abc → தமிழ்” என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ரோமன் எழுத்தில் அடித்துப் பழகியவர்களுக்கு இதுவே இலகுவானது.

இரண்டாம் படி. என்னை நெடுநாள் தடுக்கி விழுத்தியது இந்தப் படிதான். விசைப்பலகை மாறினாலும் விரல் பழைய பழக்கத்தில் malai என்றே அடிக்கும். நாம் எண்ணியது மூன்றில் எது என்பது விசைப்பலகைக்குத் தெரியாது. மேலே தோன்றும் பரிந்துரைகளைப் பார்க்காமல் இடைவெளி விசையை அழுத்தினால், மழைக்குப் பதிலாக மலை விழுந்துவிடும். ஆகவே ழகரத்துக்கு zh அடிக்கவும் நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டிக்கவும் பழகிக்கொள்ளுங்கள்:

```
mazhai  → மழை
maalai  → மாலை
malai   → மலை
```

ல, ள வேறுபாட்டுக்கும் ன, ண வேறுபாட்டுக்கும் பரிந்துரைப் பட்டியை ஒருமுறை பார்த்துத் தொடுவதே பாதுகாப்பானது. நான் நாள், நேரம், இடம் குறிக்கும் சொற்களை அனுப்புமுன் இரண்டாம் முறையும் வாசிக்கிறேன்.

கணினியில் எழுதுவோருக்கு நான் தமிழ்99 விசைப்பலகை அமைப்பையே சொல்வேன். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்திருப்பதால், ஒலியை ரோமனில் எண்ணிப் பின் தமிழுக்கு மாற்றும் வேலையே அங்கு இல்லை. தொடக்கத்தில் மெதுவாகத்தான் வரும்; ஆனால் ழ வேண்டுமானால் ழ விசையை அழுத்துகிறோம், அவ்வளவுதான்.

மூன்றாம் படி. தமிழில் எழுதியபின் ரோமன் எழுத்தை முற்றாகக் கைவிட வேண்டாம். ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் தேடுவோர் இன்னும் ஏராளம். அதனால் முகநூல் இடுகையின் இறுதியில் ஒரு வரி மட்டும் சேர்க்கிறேன்:

```
களுவாஞ்சிகுடி | Kaluwanchikudy | Kaluvanchikudi
```

பெயர்ப்பலகைகளிலும் எழுத்து வழக்கிலும் அதிகம் காணும் இரண்டு வடிவங்கள் போதும். பத்து வடிவங்களை அடுக்கினால் அறிவித்தலே அதற்குள் மறைந்துவிடும். இந்த வரியைப் படத்துக்குள் எழுதாதீர்கள், படத்திலுள்ள எழுத்தைத் தேடல் வாசிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

நான்காம் படி. பழைய இடுகைகளை எல்லாம் மாற்ற முயல வேண்டாம். தொடர்ந்து தேடப்படும் கால அட்டவணை, கட்டண விபரம் போன்றவற்றை மட்டும் தமிழில் மறுபடி இட்டு, வேறொருவரின் கைப்பேசியில் “வகுப்பு” என்று தேடிப் பாருங்கள். உங்கள் கைப்பேசி உங்கள் எழுத்துக்கூட்டலை ஏற்கெனவே பழகியிருப்பதால் பரிந்துரையே சரியான சொல்லைத் தந்துவிடும். அது உண்மையான சோதனை ஆகாது.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்த அக்கரைப்பற்று ஆசிரியர் ஒருவர், கணினியில் தமிழில்தான் அடித்ததாகவும், முகநூலில் ஒட்டியபோது `jkpo;` என்று வந்ததாகவும் எழுதியிருந்தார். அது ரோமன் எழுத்துக்கூட்டல் அன்று. பாமினி எழுத்துருவில் “தமிழ்” என்ற சொல். பாமினியில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளையே. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துகளே வெளிப்படும், தேடலிலும் அவையே நிற்கும். பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் கருவி ஒன்றில் முழு உரையையும் இட்டு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். மாற்றியபின் இலக்கங்களையும் நிறுத்தக்குறிகளையும் சரிபாருங்கள். பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யின் புள்ளியாக வருகிறது. அத்துடன், உரையின் நடுவே ஆங்கிலச் சொல்லோ இணைய முகவரியோ இருந்தால் அதுவும் தமிழெழுத்தாக உருமாறிவிடும்.