உருண்டை அடிக் கிண்ணத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? ஸ்கேலை வைத்தே கணக்கிடும் முறை

கிண்ணத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம் நிற்கிறது என்று பார்த்த உடனேயே அது எத்தனை மில்லிலிட்டர் என்று சொல்லும் அட்டவணை ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. அதைத் தயாரித்த முறையையே இங்கே எழுதுகிறேன். கோளம், ஆரம், பிதாகரஸ் தேற்றம் ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கோளத்தைச் சமதளம் ஒன்றால் வெட்டினால் ஒரு பக்கம் கிடைக்கும் துண்டுதான் கிண்ணத்துத் தண்ணீரின் வடிவம். நீர்மட்டமே அந்த வெட்டுத் தளம். துண்டின் ஆழம் h என்றும், கோளத்தின் ஆரம் R என்றும் கொண்டால், அதன் கனஅளவு இது:

```
V = π h² (3R − h) / 3
```

முதல் படி: விளிம்பையும் ஆழத்தையும் அளத்தல்

காலியான கிண்ணத்தின் வாயை உட்புற விளிம்பிலிருந்து எதிர்ப்புற உள்விளிம்பு வரை அளந்து, அதில் பாதியை a என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாயின் குறுக்கே நேரான பட்டை ஒன்றை வைத்து, அதன் கீழ் ஓரத்திலிருந்து கிண்ணத்தின் நடு அடிவரை ஸ்கேலைச் செங்குத்தாக இறக்கி ஆழத்தை அளக்க வேண்டும். இதற்கு, முனையிலேயே சுழி தொடங்கும் ஸ்டீல் ஸ்கேலைத்தான் நான் பரிந்துரைப்பேன். பல பிளாஸ்டிக் ஸ்கேல்களில் முனைக்கும் சுழிக்கும் இடையே சில மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் கணக்கு முழுவதும் தவறிவிடும். வளைந்து கொடுக்கும் டேப் இந்த வேலைக்கு ஆகாது.

எடுத்துக்காட்டாக, வாயின் உள்விட்டம் 24 செ.மீ., ஆழம் 8 செ.மீ. உள்ள கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதில் a = 12.

இரண்டாம் படி: கோளத்தின் ஆரத்தைக் கண்டுபிடித்தல்

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். வாயின் ஆரம் 12 செ.மீ. என்று தெரிந்ததும், அதையே R என்று சூத்திரத்தில் போட்டுவிடத் தோன்றும். கிண்ணம் சரியான அரைக்கோளமாக இருந்தால் மட்டுமே, அதாவது ஆழமும் வாயின் ஆரமும் சமமாக இருந்தால் மட்டுமே, அது பொருந்தும். நம் கிண்ணத்தின் ஆழம் 8 செ.மீ. மட்டுமே என்பதால், இது அரைக்கோளத்தைவிடக் குறைவான ஒரு துண்டு. இதன் முழுக் கோளத்தின் மையம் கிண்ணத்துக்குள் இல்லாமல், வாய்க்கு மேலே வெறும் காற்றில் இருக்கிறது.

மையத்திலிருந்து அடிவரை உள்ள தூரம் R. அதில் கிண்ணத்தின் ஆழம் போக, மையத்திலிருந்து வாயின் தளம்வரை உள்ள தூரம் R − 8. அந்தத் தளத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை 12. விளிம்பும் கோளத்தின் மேலேயே இருப்பதால், மையத்திலிருந்து விளிம்புவரை மீண்டும் R. இப்படிக் கிடைக்கும் செங்கோண முக்கோணத்தில் பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்திச் சுருக்கினால் R மட்டும் தனியே வந்துவிடும்:

```
a² + (R − h)² = R²
R = (a² + h²) / (2h) = (144 + 64) / 16 = 13
```

ஆக, இந்தக் கிண்ணத்தின் R 13 செ.மீ. இந்த எண்ணை ஒரே ஒரு முறை கண்டுபிடித்தால் போதும். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் R மாறாது. h மட்டுமே மாறும்.

மூன்றாம் படி: தண்ணீரின் ஆழம்

ஸ்கேலைத் தண்ணீருக்குள் இறக்கி மட்டத்தைப் படிப்பதை நான் விரும்புவதில்லை. ஸ்கேலை ஒட்டித் தண்ணீர் சற்று மேலேறி நிற்பதால், எந்தக் கோட்டில் படிப்பது என்ற குழப்பம் வந்துவிடும். அதற்குப் பதிலாக, வாயின் குறுக்கே வைத்த பட்டையிலிருந்து ஸ்கேலை மெதுவாக இறக்கி, முனை நீர்மட்டத்தைத் தொட்டு, தண்ணீர் சட்டென்று அதைப் பற்றும் கணத்தில் நிறுத்திப் படியுங்கள். அந்த இடைவெளியை 8-இலிருந்து கழித்தால் h கிடைக்கும். இடைவெளி 4 செ.மீ. என்றால் h-உம் 4.

```
V = π × 16 × (39 − 4) / 3 ≈ 586 கன செ.மீ.
```

ஒரு கன சென்டிமீட்டர் ஒரு மில்லிலிட்டர் என்பதால், விடை 586 மி.லி. கிண்ணம் நிறைந்தால் (h = 8) சுமார் 2,078 மி.லி. வரும், ஆகவே பாதி ஆழம் என்பது கொள்ளளவில் 28 சதவீதம்தான். R-க்குப் பதிலாக 12-ஐப் போட்டிருந்தால், 586 வரவேண்டிய இடத்தில் 536 வந்திருக்கும்.

ஆழத்தை ஒரு மில்லிமீட்டர் தவறாகப் படித்தால் விடை எவ்வளவு மாறும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. அது நீர்மட்டத்தின் பரப்பைப் பொறுத்தது. இந்த 4 செ.மீ. ஆழத்தில் பரப்பு சுமார் 276 சதுர செ.மீ. என்பதால், ஒரு மில்லிமீட்டர் பிசகு 28 மி.லி. வேறுபாட்டைக் கொண்டுவரும். விடையைப் புள்ளிக்குப் பின் பல இலக்கங்கள்வரை எழுதுவதில் பொருளில்லை.

அட்டவணைக்குக் கால்குலேட்டரைவிட விரிதாள் வசதியானது. A பத்தியில் ஆழங்களை எழுதி, பக்கத்தில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடலாம்:

```
=PI()*A2^2*(3*13-A2)/3
```

தலைகீழ்க் கேள்வி

ஒரு லிட்டர் வேண்டுமென்றால் எவ்வளவு ஆழத்துக்கு ஊற்றுவது? இது முப்படிச் சமன்பாடாக மாறுகிறது. கோளத்தைக் கொடுத்த விகிதத்தில் வெட்டுவது எப்படி என்று ஆர்க்கிமிடீஸ் ஆராய்ந்த கணக்கும் இந்த வகையைச் சேர்ந்ததே. நமக்குத் தோராய முறையே போதும்: h²(39 − h) = 955 என்று வைத்து, ஓர் ஊகத்தை வலப்பக்கம் போட்டு, வரும் விடையை மீண்டும் அதே இடத்தில் போட வேண்டும்.

```
h = √(955 / (39 − h))
5 → 5.30 → 5.32
```

அதற்குமேல் மில்லிமீட்டர் அளவில் மாற்றமில்லை, ஆழம் 5.3 செ.மீ.

பின்சேர்க்கை: அடி தட்டையாக இருந்தால்

கணக்கைவிட அதிகத் தண்ணீர் பிடிக்கிறது என்று கருத்துப் பகுதியில் சிலர் எழுதியிருந்தார்கள். விசாரித்ததில், அவர்களுடைய கிண்ணங்களின் உள் அடி தட்டையாக இருந்தது தெரிந்தது. நம் கிண்ணத்தின் அடியில் 1 செ.மீ. உயரத்தை மட்டும் வெட்டிவிட்டால், 10 செ.மீ. அகலத் தட்டை அடியும் 7 செ.மீ. ஆழமும் உள்ள கிண்ணம் கிடைக்கும். அதைத் தட்டை என்று அறியாமல் கணக்கிட்டால் R 13.8 என்று வந்து, கொள்ளளவு 1,763 மி.லி. எனத் தெரியும், உண்மையில் அது 2,038 மி.லி. பிடிக்கும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டு. பாதியளவு தண்ணீர் ஊற்றி, நீர்மட்டத்தின் அகலத்தை அளந்து, சூத்திரம் தரும் அகலமான 2√(2Rh − h²)-உடன் ஒப்பிடுங்கள். முதல் கிண்ணத்தில் 4 செ.மீ. ஆழத்துக்கு 18.8 செ.மீ. வரவேண்டும், வரும். தட்டை அடிக் கிண்ணத்தில் கணக்கு 19.4 என்று சொல்ல, அளவு 20.5 காட்டும். வேறுபாடு இவ்வளவு இருந்தால் R-ஐ மறந்துவிட்டு, நீர்மட்டத்தின் ஆரம் a, தட்டை அடியின் ஆரம் b ஆகியவற்றை நேரடியாக அளந்து இதைப் பயன்படுத்துங்கள்:

```
V = π h (3a² + 3b² + h²) / 6
```

தட்டைப் பகுதி சுவரோடு சேரும் மூலை வளைந்திருந்தால், b எங்கே முடிகிறது என்று சொல்வது கடினம்; அங்கே விடை தோராயமே. அடி தட்டையாக இல்லாமலும் அகலம் பொருந்தவில்லையென்றால், அந்தக் கிண்ணம் கோளத்தின் துண்டே அல்ல. அதற்கு எந்தச் சூத்திரமும் வேண்டாம். எடை பார்க்கும் தராசின் மேல் வைத்து, 100 கிராம் 100 கிராமாகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு அட்டவணையை நேரடியாகவே தயாரித்துவிடுங்கள்.