‘ப்ரொவிஷனல்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்

போன ஞாயிறு எங்களோடு கோல்ஃப் ஆட வந்த தம்பி அடித்த முதல் பந்து வலதுபக்க மரங்களுக்குள் போய்விட்டது. “சரி, இன்னொன்னு அடிக்கிறேன்” என்று பையிலிருந்து வேறொரு பந்தை எடுத்தார். எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் இதே வார்த்தையைச் சொல்லித்தான் நான் ஒரு போட்டியையே இழந்தேன்.

சொல்லாமல் அடிப்பது

பந்து தொலைந்திருக்கலாம், எல்லைக்கு வெளியே போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ப்ரொவிஷனல், அதாவது முதல் பந்து கிடைக்காவிட்டால் பயன்படும் தற்காலிகப் பந்து, ஆடலாம். ஆனால் அடிக்கும் முன்பே அந்தச் சொல்லையோ, அதே அர்த்தம் தெளிவாக விளங்கும் பேச்சையோ கூட ஆடுபவர்கள் காதில் போட வேண்டும். “இன்னொன்னு அடிக்கிறேன்” போதாது. அப்படி அடித்த நொடியிலேயே இரண்டாவது பந்துதான் ஆட்டத்தில் இருக்கும் பந்து, முதல் பந்து செத்தது. முதல் அடி 1, தண்டனை 1, ஹோலைத் தொடங்கும் இடமான டீயிலிருந்து மறுபடி அடித்தது 1, ஆக அடுத்த அடி நான்காவது. ஸ்ட்ரோக் அண்ட் டிஸ்டன்ஸ் என்பது இதுதான்: ஒரு அடி தண்டனையும் உண்டு, அடித்த தூரமும் போச்சு.

அன்றைக்கு என் முதல் பந்து ஒரே நிமிடத்தில் கிடைத்தது, கிரீனுக்கு நேர்வழி வேறு. சந்தோஷமாக அதை அடித்தேன். அது தவறான பந்து, 2 அடி தண்டனை. திரும்பி வந்து சரியான பந்தை ஆடியிருந்தால் அந்த இரண்டோடு தப்பியிருப்பேன். திருத்தாமல் அடுத்த ஹோலில் டீ அடித்துவிட்டதால் ஸ்ட்ரோக் பிளே போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். ப்ரொவிஷனல் என்று சொல்லியிருந்தால் இரண்டாவது பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, முதல் பந்தில் இரண்டாவது அடியை நிம்மதியாக அடித்திருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சலாக வருகிறது. தம்பியை அடிக்கும் முன்பே நிறுத்திச் சொல்ல வைத்தேன்.

ப்ரொவிஷனலோடு முன்னால் போய்விடுவது

முதல் பந்து கிடக்கும் என்று கணிக்கிற இடம் வரைக்கும் ப்ரொவிஷனலை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். அந்த இடத்தைவிட ஹோலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு அடி அடித்துவிட்டால் அதுவே ஆட்டப் பந்து ஆகிவிடும், அப்புறம் பழைய பந்து கண்முன் கிடைத்தாலும் பயனில்லை. அதனால் தூரமாக விழுந்த ப்ரொவிஷனலை அடிக்க ஓடாமல் முதலில் தேடுங்கள்.

தேடும் நேரம்

3 நிமிடம். 2019-க்கு முன்புதான் 5. நீங்களோ உங்கள் கேடியோ தேடத் தொடங்கியதிலிருந்து கணக்கு.

குளத்தில் விழுந்தது உறுதி என்றால்

ப்ரொவிஷனல் கிடையாது.

வெள்ளைக் குச்சி

மைதான எல்லையைக் காட்டுவது இதுதான். பந்து முழுவதும் அந்த எல்லைக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. ஒரு ஓரம் உள்ளே இருந்தாலும் ஆடலாம்.

தொலைந்த இடத்திலேயே டிராப் செய்வது

உள்ளூர் விதி அனுமதித்தால் 2 அடி தண்டனையோடு அந்தப் பக்கம் வேறொரு பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு டிராப் செய்யலாம், அதுவும் ப்ரொவிஷனல் ஆடியிருக்கக் கூடாது. அப்படி ஒரு விதி இல்லாத இடத்தில் டீக்குத் திரும்பி நடந்தே ஆக வேண்டும்.