நடக்கும் குடும்ப வழக்கில் இணங்கிவிட்டீர்களா? அதை டிக்ரியாக்கும் வழி

வீட்டில் பேசி முடித்து, ஒரு தாளில் எல்லாரும் கையெழுத்து வைத்துவிட்டால் வழக்கு முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் ஒப்பந்தம்தான். நாளை ஒருவர் மாறினால் அதைக் காட்டி, மன்றின் கட்டளைகளை நிறைவேற்றும் அலுவலரான பிஸ்காலை அனுப்ப முடியாது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 408ஆம் பிரிவின்படி இணக்கத்தை மன்றுக்கு அறிவிக்க வேண்டும். மன்று அதற்கேற்ப டிக்ரி என்னும் தீர்ப்பாணையை வழங்கும்போதுதான் அதற்குப் பலம் வருகிறது.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். வெள்ளவத்தை வீட்டை அம்மா நன்கொடை உறுதியால் அக்காவுக்குக் கொடுத்திருக்கிறார். குடியிருப்பது தம்பி. அக்கா கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் உரித்தையும் வெளியேற்றலையும் கோரியிருக்கிறார். மேல்மாடி கட்டிய செலவைத் தரவேண்டும் என்பது தம்பியின் எதிர்க்கோரிக்கை. கடைசியில், அக்கா 40 இலட்சம் ரூபா தருவதற்கும் தம்பி வீட்டை விடுவதற்கும் இணங்குகிறார்கள்.

1. எது வழக்குக்குள், எது வெளியே என்று பிரியுங்கள்

பேச்சுவார்த்தையில் அம்மாவின் நகைகளும் வந்துவிடும். ஆனால் 408இன் டிக்ரி "வழக்குடன் தொடர்புபட்ட அளவுக்கு" மட்டுமே. இந்த வழக்கு வீட்டைப் பற்றியது. நகைகளையும் அதே நிபந்தனைகளில் நுழைத்துவிட்டு, பிறகு அவற்றுக்கு நிறைவேற்றல் கேட்டால் எதிர்ப்பக்கம் ஆட்சேபிக்க இடமுண்டு. நகைகளுக்குத் தனியாக எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். முடிந்தால் இணக்கம் பதிவாகும் நாளுக்கு முன்பே அவற்றைக் கைமாற்றிவிடுவது இன்னும் நல்லது.

2. நிபந்தனைகளை எழுதுங்கள்

அவசரம் வேண்டாத இடம் இதுதான். "தம்பி விரைவில் வெளியேறுவார், அக்கா பணம் தருவார்" என்று எழுதினால் யார் முதலில் என்பதிலேயே அடுத்த சண்டை தொடங்கும். இப்படி எழுதலாம்:

"எதிராளி, 2027 ஜனவரி 31 அன்றோ அதற்கு முன்னரோ, தானும் தன்கீழ் உரிமை கோரும் அனைவருடனும் அட்டவணையிலுள்ள ஆதனத்திலிருந்து வெளியேறி வெற்று உடைமையை வழக்காளிக்குக் கொடுப்பார். வழக்காளி 10 இலட்சம் ரூபாவை இன்று செலுத்துகிறார். மீதி 30 இலட்சத்தை 2027 ஜனவரி 15க்கு முன் இவ்வழக்கின் பெயரில் நீதிமன்றில் வைப்பிலிடுவார். உடைமை ஒப்படைக்கப்பட்டதும் எதிராளி அதை மீளப்பெறலாம்."

பணம் மன்றில் இருப்பதால் தம்பிக்குப் பயமில்லை. சாவி வரும்வரை அது தம்பி கைக்குப் போகாததால் அக்காவுக்கும் பயமில்லை. "தன்கீழ் உரிமை கோரும் அனைவரும்" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். தம்பி மேல்மாடியில் ஒருவரைக் குடியமர்த்தியிருந்தால், வாசலில் பிஸ்கால் நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும். தவறினால் என்ன என்பதையும் இரு பக்கத்துக்கும் எழுதுங்கள்: தம்பி போகாவிட்டால் வெளியேற்றும் ரிட் கட்டளை, அக்கா வைப்பிலிடாவிட்டால் தம்பிக்கு எவ்வளவு கால நீடிப்பு, எத்தனை வீத வட்டி.

3. மன்றில் பதிவு

பதிவுபெற்ற சட்டத்தரணி பிரேரணை தாக்கல் செய்வார். எல்லாத் தரப்பும் முன்னிலையில் இருக்கவேண்டும், அல்லது அவர்களுக்கு அறிவித்தல் போயிருக்கவேண்டும். இரு தரப்பும் நேரில் வந்து, நிபந்தனைகள் தமக்கு விளங்கும் மொழியில் வாசிக்கப்பட்ட பின் வழக்கேட்டில் கையொப்பமிடுவதே பாதுகாப்பு. சிங்களத்தில் பதிவானால், தமிழில் விளக்கப்பட்டது என்பதும் குறிப்பில் வரவேண்டும். "எனக்கு விளங்கவில்லை" என்பதுதான் பிற்காலத்தில் அடிக்கடி எழும் வாதம்.

தம்பி வெளிநாட்டில் இருந்து அவருடைய அற்றோணி வந்தால், அற்றோணித் தத்துவத்தில் வழக்கை இணக்கமாகத் தீர்க்கும் அதிகாரம் வெளிப்படையாக இருக்கிறதா என்று பாருங்கள். தரப்புகளில் ஒருவர் பராயமடையாதவர் என்றால், 500ஆம் பிரிவின்படி மன்றின் அனுமதி முதலில் வேண்டும். அது இல்லாமல் செய்த இணக்கத்தை அப்பிள்ளையின் சார்பில் தவிர்க்கலாம்.

பதிவான பின் மனம் மாறினால்? டிக்ரி இன்னும் தட்டச்சாகவில்லை என்பது காரணமாகாது. நிபந்தனைகள் மன்றுக்கு அறிவிக்கப்பட்டுப் பதிவானால் ஒருவர் தன்னிச்சையாகப் பின்வாங்க முடியாது என்று சின்ன வேலு எதிர் லிப்டன் வழக்கில் உயர் நீதிமன்றம் 1963இல் சொன்னது. மேன்முறையீடும் வழியல்ல, ஏனெனில் 408 அதை இறுதியானது என்கிறது. மோசடி போன்ற காரணம் இருந்தால்தான் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வேறு நிவாரணம் தேடவேண்டும்.

4. டிக்ரியைச் சரிபாருங்கள்

வரைவு வந்ததும் வழக்கேட்டுப் பதிவோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அட்டவணையில் காணித்துண்டு இலக்கம், வரைபட இலக்கம், எல்லைகள், வீட்டு இலக்கம் நான்கும் உறுதியோடு பொருந்தவேண்டும். ஓர் இலக்கம் பிழைத்தாலும் பிஸ்கால் எந்தக் கதவைத் திறப்பது என்ற கேள்வி வரும். நீதிபதி கையொப்பமிட்டதும் சான்றுபடுத்திய பிரதி எடுத்து, காணிப் பதிவகத்தில் அந்த ஆதனத்தின் ஏட்டில் பதியுங்கள்.

இது பங்கு வழக்கு என்றால் இந்த வழி மட்டும் போதாது. தரப்புகள் இணங்கினாலும் 1977இன் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின்படி உரித்தை நீதிபதியே ஆராயவேண்டும்.

தம்பி ஜனவரி 31இல் போகவில்லை என்றால் புது வழக்கு தேவையில்லை. அதே வழக்கு இலக்கத்தில் டிக்ரியை நிறைவேற்றக் கோரி விண்ணப்பித்து ரிட் பெறலாம். விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்: இப்படிக் குறித்த நாளில் உடைமையை ஒப்படைக்கச் சொல்லும் டிக்ரியில், தவறிய நாளிலிருந்து 10 ஆண்டு கடந்தால் 337ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.