கணினி முடங்குவதற்கு எந்த நிரல் காரணம்? சேஃப் மோடும் கிளீன் பூட்டும் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

விண்டோஸ் கணினி அடிக்கடி உறைந்து நின்றாலோ தானாக மறுதொடக்கம் ஆனாலோ, பலரும் முதலில் செய்வது கடைசியாக நிறுவிய நிரலை நீக்குவதுதான். சில சமயம் அது பலிக்கும். பலிக்காதபோது ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போவதைவிட ஒழுங்கான விசாரணை மேல். குற்றவாளி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை சேஃப் மோட் சொல்லும். ஆள் யார் என்பதை, பிற நிறுவனங்களின் நிரல்களை அணைத்துவிட்டு விண்டோஸைத் தொடங்கும் கிளீன் பூட் சொல்லும். இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

முதலில் சேஃப் மோட்

Shift விசையை அழுத்திப் பிடித்தபடி Restart கொடுங்கள். நீலத் திரை வந்ததும் Troubleshoot, Advanced options, Startup Settings என்று போய் Restart அழுத்துங்கள். எண்ணிட்ட பட்டியல் ஒன்று வரும். அதில் 4 என்ற விசையை அழுத்தினால் சேஃப் மோட் திறக்கும். திரையின் நான்கு மூலைகளிலும் Safe Mode என்று எழுதியிருக்கும்.

இரண்டு முன்னேற்பாடுகள் தேவை. சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம் என்பதால் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்க வேண்டும். வட்டு விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவியையும் கேட்கக்கூடும். அதை முன்பே வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சேஃப் மோடில் விண்டோஸ், வன்பொருளை இயக்கும் டிரைவர்களிலும் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களிலும் தனக்கு இன்றியமையாதவற்றை மட்டுமே ஏற்றும். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் முடங்கும் கணினி என்றால் அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். இங்கேயும் முடங்கினால் கிளீன் பூட் பக்கமே போக வேண்டாம். சிக்கல் பெரும்பாலும் நினைவகத்திலோ வட்டிலோ விண்டோஸின் சொந்தக் கோப்புகளிலோ இருக்கும். `mdsched.exe` நினைவகத்தைச் சோதிக்கும்; அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கட்டளைச் சாளரத்தில் `sfc /scannow` கொடுத்தால் விண்டோஸ் கோப்புகள் சரிபார்க்கப்படும். முடங்கவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

பிறகு கிளீன் பூட்

வழக்கம்போல் மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் விசையுடன் R அழுத்தி `msconfig` என்று கொடுங்கள். Services தாவலில் Hide all Microsoft services என்ற பெட்டியில் கட்டாயம் டிக் செய்த பிறகே Disable all அழுத்த வேண்டும். அந்த டிக்கை மறந்தால் விண்டோஸின் சொந்த சர்வீஸ்களும் அணைந்து, இணையம் போய், கூடவே இன்னும் பல வேலைகளும் நின்றுவிடும். அடுத்து டாஸ்க் மேனேஜரின் Startup பட்டியலில் உள்ளவற்றையும் அணையுங்கள். எவையெவை ஏற்கெனவே இயங்கும் நிலையில் இருந்தன என்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வது நல்லது. பின்பு மறுதொடக்கம்.

கிளீன் பூட்டிலும் முடங்குகிறது, சேஃப் மோடில் மட்டும் முடங்கவில்லை என்றால் டிரைவரைச் சந்தேகியுங்கள். கிளீன் பூட் பிற நிறுவனங்களின் சர்வீஸ்களை அணைக்குமே தவிர, அவர்களுடைய டிரைவர்களைத் தொடாது. திரை அட்டையின் டிரைவரிலிருந்து விசாரணையைத் தொடங்குவது என் வழக்கம்.

பாதிப் பாதியாகத் தேடுதல்

கிளீன் பூட்டில் முடக்கம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் Startup பட்டியலை மட்டும் பழையபடி இயக்குங்கள். முடங்கவில்லை, ஆகவே குற்றம் சர்வீஸ்களில் இருக்கிறது. அணைத்தவை எட்டு என்றால் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்க எட்டு முறை மறுதொடக்கம் தேவைப்படலாம். அதற்குப் பதிலாக முதல் நான்கை மட்டும் இயக்குங்கள். முடங்கவில்லையா? சந்தேகம் மற்ற நான்கின் மேல். அவற்றில் இரண்டை இயக்கினால் முடங்குகிறது. அந்த இரண்டில் ஒன்றை மட்டும் இயக்கினாலும் முடங்குகிறது. அது விசைப்பலகை விளக்குகளின் நிறத்தை மாற்றும் நிரலின் சர்வீஸ். மூன்றே மறுதொடக்கங்களில் ஆள் அகப்பட்டுவிட்டது.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் இயக்கி, அந்த ஒன்றை மட்டும் அணைத்து, வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். அப்போதும் முடங்கினால் இன்னொரு கூட்டாளி இருக்கிறது. இரண்டு பாதிகளும் தனித்தனியே அமைதியாக இருந்து, சேர்ந்தால் மட்டும் முடங்குவதும் உண்டு; இரண்டு வைரஸ் தடுப்பு நிரல்கள் ஒரே கணினியில் இருந்தால் இப்படி நேரலாம். அப்போது ஒரு பாதியை முழுவதும் இயக்கத்தில் வைத்து, மற்றதை மட்டும் பிரித்துத் தேட வேண்டும்.

அகப்பட்ட நிரலின் புதிய பதிப்பு இருந்தால் நிறுவிப் பாருங்கள். பயனில்லை என்றால் நீக்குங்கள். நீக்குவதை சேஃப் மோடில் செய்ய முயன்றால் சில நிரல்கள் மறுக்கும், ஏனெனில் அங்கே விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் இயங்குவதில்லை. வேலை முடிந்ததும் `msconfig` இன் General தாவலில் Normal startup தேர்ந்தெடுத்தால் சர்வீஸ்கள் திரும்பிவிடும். டாஸ்க் மேனேஜரில் அணைத்தவை இன்னும் அணைந்தே இருந்தால், அந்தப் புகைப்படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக இயக்குங்கள்.