வாஃபிள் சார்ட்: நூறு கட்டமும் சரியாக நிரம்ப வேண்டுமென்றால்

2024 மக்களவை முடிவை ஒரே பார்வையில் காட்ட ஒரு வாஃபிள் சார்ட் போட உட்கார்ந்தேன். பத்துக்குப் பத்து என்று நூறு சிறு கட்டங்கள், ஒரு கட்டத்துக்கு ஒரு சதவீதம். அரை மணி நேர வேலைதான். ஆனால் முடித்துப் பார்த்தால் மேல் வலது மூலையில் ஒரு கட்டம் மட்டும் நிறமில்லாமல் வெள்ளையாக நின்றது. அதைச் சரிசெய்ததுதான் இந்தப் பதிவின் முக்கால் பங்கு.

நான் செய்தது Google Sheets-இல். இதற்கென்றே நிரல் தொகுப்புகள் இருக்கின்றன. ஆனாலும் முதல்முறை செய்பவர்களுக்கு ஷீட்டையே சொல்வேன். எந்தக் கட்டம் ஏன் அந்த நிறம் என்பதைக் கட்டத்தைத் தொட்டே பார்த்துவிடலாம்.

முதல் வரிசை தலைப்புக்கு. A2 முதல் A7 வரை கட்சிகள், B-யில் இடங்கள்: பாஜக 240, காங்கிரஸ் 99, சமாஜ்வாதி 37, திரிணமூல் 29, திமுக 22, மற்றவை 116. மொத்தம் 543. C2-வில் சதவீதம்:

```
=B2/SUM(B$2:B$7)*100
```

இதைக் கீழே இழுத்தால் 44.20, 18.23, 6.81, 5.34, 4.05, 21.36 என்று வரும். இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். ஒவ்வொன்றையும் ROUND போட்டு முழு எண்ணாக்கினேன்: 44, 18, 7, 5, 4, 21. கூட்டிப் பாருங்கள், 99தான். வேறு எண்களுக்கு இதே வழி 101 கூடத் தரும். அப்போது கடைசிக் கட்சியின் ஒரு கட்டம் சத்தமில்லாமல் காணாமல் போகும். வெள்ளைக் கட்டமாவது கண்ணில் படும், இது படாது.

சரியான வழி, எல்லோருக்கும் முதலில் முழுப் பகுதியை மட்டும் கொடுப்பது. 44, 18, 6, 5, 4, 21 சேர்ந்து 98. மீதமுள்ள 2 கட்டங்களைத் தசமப் பகுதி பெரிதாக உள்ளவர்களுக்கு வரிசையாகக் கொடுக்க வேண்டும். சமாஜ்வாதிக்கு 0.81, அதனால் ஒன்று. அடுத்து மற்றவை 0.36, திரிணமூல் 0.34. மயிரிழையில் இரண்டாவது கட்டம் மற்றவைக்குப் போகிறது. அமெரிக்க மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் சபை இடங்களைப் பிரிக்க 1792-இல் ஹாமில்டன் முன்வைத்த கணக்கும் இதேதான்.

D2, E2, F2, G2-வில் முறையே இவற்றைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=INT(C2)
=C2-D2
=D2+(RANK(E2,E$2:E$7)<=100-SUM(D$2:D$7))
=SUM(F$2:F2)
```

G-யில் 44, 62, 69, 74, 78, 100 என்று வர வேண்டும். கடைசி எண் 100 இல்லையென்றால் மேலே போகாதீர்கள்.

அப்புறம் கட்டங்கள். J2 முதல் S11 வரை தேர்ந்தெடுத்து இதை நிரப்புங்கள்:

```
=COUNTIF($G$2:$G$7,"<"&((11-ROW())*10+COLUMN()-9))+1
```

உள்ளே இருக்கும் கணக்கு, கீழ் இடது மூலையை 1 என்றும் மேல் வலது மூலையை 100 என்றும் எண்ணுகிறது. கீழிருந்து நிரப்புவதுதான் எனக்குப் பிடிக்கும். பாத்திரத்தில் தண்ணீர் ஏறுவது போல அளவு தானாகப் புரியும். இந்தக் கட்டங்களை வேறு இடத்துக்கு நகர்த்தினால் 11, 9 இரண்டையும் மாற்ற வேண்டும்.

இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் 1 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். Format > Conditional formatting போய், Is equal to 1 என்றால் ஒரு நிறம், 2 என்றால் இன்னொன்று என ஆறு விதிகள். எண்களை மறைக்க Custom number format-இல் `;;;` போதும். நெடுவரிசை அகலத்தையும் வரிசை உயரத்தையும் 21 பிக்சலாக்கி, வெள்ளை பார்டர் கொடுத்தால் கட்டங்கள் பிரிந்து நிற்கும்.

ஒரு கட்டம் ஓர் இடம் அல்ல, சுமார் 5.4 இடங்கள். இதைச் சார்ட்டின் கீழே கட்டாயம் எழுதுங்கள். கட்டத்தை எண்ணிப் பார்த்து பாஜகவுக்கு 44 இடம் என்று படிப்பவர்கள் உண்டு.

பிற்சேர்க்கை: உலகத் தண்ணீரில் உப்பு நீர் 97.5, நன்னீர் 2.5 என்று போட்டால் 101 வருகிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் சொன்னது சரி. இரண்டின் தசமமும் 0.5, RANK இரண்டையும் முதலிடம் என்கிறது, ஒரே கட்டம் இருவருக்கும் போகிறது. E2-வை இப்படி மாற்றிக் கீழே இழுங்கள்:

```
=C2-D2-ROW()/1000000
```

இனிச் சமநிலை வந்தால் மேல் வரிசையில் இருப்பவருக்குக் கட்டம் போகும். யாரை மேலே வைப்பது என்பது உங்கள் கையில். நான் நன்னீரை மேலே வைத்து 3 கட்டம் கொடுத்தேன், பக்கத்தில் 2.5% என்றும் எழுதினேன்.