மூடி உப்பிய பாட்டில்கள்: தவறு ஊருக்கே தெரிந்த பிறகு மன்னிப்பு எழுதுவது எப்படி?

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா மாம்பழக் கூழ் பாட்டிலில் அடைத்து விற்கிறார். அரை கிலோ பாட்டில் 180 ரூபாய். லேபிளில் 'எங்க வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைத்தான் உங்களுக்கும் கொடுக்கிறோம்; கெடாமலிருக்க எந்த மருந்தும் சேர்ப்பதில்லை' என்று இருக்கும். போன சீசனில் ஓசூர் வாடிக்கையாளர் ஒருவர் பாட்டிலைத் திறக்க, கூழ் நுரைத்துப் பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. அதை வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். சாயங்காலத்துக்குள் கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் அந்த வீடியோ வந்துவிட்டது.

அன்று இரவு அக்காவின் தம்பி எழுதிய மன்னிப்பு இது:

"சில வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு நிர்வாகம் வருந்துகிறது. கோடை வெப்பம் மற்றும் கூரியர் தாமதத்தால் ஒருசில பாட்டில்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம். எங்கள் தயாரிப்பில் ரசாயனம் இல்லாததே இதற்குக் காரணம். தொடர்ந்து ஆதரவு தாருங்கள்."

இதை வெளியிட வேண்டாம் என்று நிறுத்தி வைத்தோம். ஏன் என்று படிப்படியாகச் சொல்கிறேன். சிறு தொழில் செய்யும் யாருக்கும் இந்த வரிசை உதவும்.

படி 1: முதலில் இரண்டு வரி, அப்புறம்தான் மன்னிப்பு

காரணம் தெரியாமல் மன்னிப்பு எழுதினால் நாளை அதையே திருத்த வேண்டி வரும். அதற்காக வாயே திறக்காமலும் இருக்க முடியாது. அதனால் முதல் சில மணி நேரத்துக்குள் ஒரு சிறு அறிவிப்பு போதும்: "வீடியோவைப் பார்த்தோம். அந்தப் பேட்ச் விற்பனையை நிறுத்திவிட்டோம். மூடி உப்பிய பாட்டில் இருந்தால் திறக்காதீர்கள், கூழை ருசி பார்க்காதீர்கள். என்ன நடந்தது என்று நாளை மாலை 6 மணிக்குள் சொல்கிறோம்." உடம்புக்கு ஆபத்து வரக்கூடிய விஷயத்தில் வருத்தத்துக்கு முன்னால் எச்சரிக்கைதான் வர வேண்டும். உள்ளே வாயு சேர்ந்த கண்ணாடி பாட்டில் வெடிக்கவும் செய்யலாம்.

ஏற்கெனவே நேரம் குறித்து வைத்த விளம்பரப் பதிவுகளையும் நிறுத்திவிடுங்கள். 'ஆடித் தள்ளுபடி' போஸ்டர் இந்த நேரத்தில் வெளியானால் மன்னிப்பை யாரும் நம்ப மாட்டார்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்று தெரிந்தால், பதிவு எழுத உட்கார வேண்டாம். அவரை மருத்துவரிடம் அனுப்பி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். நல்லவேளை, இங்கே அப்படி ஆகவில்லை.

படி 2: காரணத்தை அடிவரை தேடுங்கள்

அக்காவின் நோட்டில் விடை இருந்தது. கூழை 85 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சூடு குறையாமல் பாட்டிலில் ஊற்றி, மூடி, கொஞ்ச நேரம் தலைகீழாக வைப்பார்கள். மூடியின் உட்புறத்தில் இருக்கும் ஈஸ்ட்டும் அந்தச் சூட்டில்தான் சாகும். அந்தப் பேட்ச் அன்று பாதியில் கரண்ட் போய், மிச்சக் கூழ் பாத்திரத்திலேயே ஆறியது. அதை மறுபடி சூடாக்காமல் கடைசி 60 பாட்டிலில் ஊற்றிவிட்டார்கள். பிழைத்த ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை விட்டது. மூடி உப்பியது அதனால்தான். எந்த 60 என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆகவே அந்தப் பேட்ச்சின் 240 பாட்டிலும் திரும்ப வர வேண்டும்.

"கரண்ட் போச்சுன்னு எழுதிடலாமா?" என்று கேட்டார் அக்கா. எழுதலாம், ஆனால் அங்கேயே நிற்கக் கூடாது. கரண்ட் போனதுக்கு அவர் பொறுப்பில்லை. ஆறிய கூழை ஊற்றியதுக்கு அவர்தான் பொறுப்பு.

படி 3: உங்கள் லேபிளை எடுத்து முன்னால் வையுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இத்தனை நாள் நீங்கள் கொடுத்த வாக்கு எதுவோ, அதிலிருந்துதான் மன்னிப்பு பேச வேண்டும். தம்பி எழுதியதை இப்போது மறுபடி படியுங்கள். லேபிளில் 'எங்க வீட்டுப் பிள்ளைகள்' என்று பேசியவர்கள் திடீரென்று 'நிர்வாகம்' ஆகிவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு ஆளின் குரல் என்று வாடிக்கையாளருக்கு உடனே தெரியும்.

அதைவிட மோசமானது 'ரசாயனம் இல்லாததே காரணம்' என்ற வரி. பெருமையாகச் சொன்ன கொள்கையைக் கேடயமாகத் தூக்கிப் பிடிக்கிறது அது. கெடாமலிருக்க எதையும் சேர்க்காதவர்களுக்குச் சூடும் மூடியும்தான் காவல். அப்படியென்றால் அதில் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனம் வேண்டும். கொள்கையை அப்படி உங்கள் மேலேயே திருப்பிப் பேசினால்தான் அது கொள்கை என்று கேட்பவருக்குப் படும்.

படி 4: வரிசை பார்த்து எழுதுங்கள்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மன்னிப்பின் ஆறு கூறுகளைப் பிரித்து, எது அதிகம் எடுபடுகிறது என்று பார்த்தார்கள். 'தவறு என்னுடையது' என்று ஒப்புக்கொள்வது முதலில் வந்தது. அடுத்தது, சேதத்தைச் சரிசெய்து தருவது. 'மன்னித்துவிடுங்கள்' என்று கேட்பது கடைசி. நம்மில் பலர் தலைகீழாகத்தானே எழுதுகிறோம்! திறமைக் குறைவால் வந்த தவறுக்கு மன்னிப்பு எடுபடும் அளவுக்கு, நேர்மைக் குறைவால் வந்த தவறுக்கு எடுபடுவதில்லை என்றும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆறிய கூழை ஊற்றியது முதல் வகை. கூரியர் மேல் பழி போட்டிருந்தால், அதுவே இரண்டாம் வகையாக மாறியிருக்கும்.

மறுநாள் மாலை அக்கா வெளியிட்டது:

"இந்தப் பேட்ச் கெட்டுப்போனது எங்கள் தவறு. அன்று கரண்ட் போய்க் கூழ் ஆறிவிட்டது. மறுபடி சூடாக்காமல் பாட்டிலில் ஊற்றிவிட்டோம். மருந்து சேர்க்காத எங்களுக்குச் சூடு ஒன்றுதான் பாதுகாப்பு; அதிலேயே தவறிவிட்டோம். எங்கள் பிள்ளைக்கு இந்தப் பாட்டிலைக் கொடுத்திருக்க மாட்டோம், உங்களுக்கு அனுப்பிவிட்டோம். 240 பாட்டிலையும் திரும்ப வாங்குகிறோம். பில் வேண்டாம், பேட்ச் எண் தெரியும்படி ஒரு போட்டோ போதும். மூன்று நாளில் 180 ரூபாயும் கூரியர் செலவும் உங்களுக்கு வந்துவிடும். இனி ஒவ்வொரு தட்டு பாட்டிலுக்கும் வெப்பமானியில் பார்த்துக் குறித்த பிறகுதான் ஊற்றுவோம். வீடியோ போட்டவருக்கு நன்றி."

'சில', 'ஒருசில', 'இருக்கலாம்' எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். 'உங்களுக்குச் சிரமம் ஏற்பட்டிருந்தால்' என்ற 'இருந்தால்' மட்டும் உள்ளே நுழைந்தாலும் மொத்தமும் வீண்.

படி 5: பதில்களிலும் அதே குரல்

பதிவில் பணிவாக எழுதிவிட்டு, கமெண்ட்டில் 'போட்டிக்காரங்க வேலை' என்று தம்பி சண்டைக்குப் போனால் எல்லாம் போச்சு. ஒரே ஆள் பதில் சொல்லட்டும். திட்டியவற்றை அழிக்க வேண்டாம். ஆபாசமானவற்றை மட்டும் நீக்குங்கள். பணம் கேட்டவருக்கு அனுப்பியபின், 'அனுப்பிவிட்டோம்' என்று அவர் கேட்ட இடத்திலேயே எழுதுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் அது பதில்.

படி 6: மூன்று வாரம் கழித்துக் கணக்குச் சொல்லுங்கள்

தவறு அடங்கியதும் பழையபடி மாம்பழப் படம் போடத்தான் கை போகும். அதற்கு முன் ஒரு பதிவு பாக்கி இருக்கிறது. அக்கா எழுதியது இவ்வளவுதான்: "240-ல் 171 பாட்டிலுக்குப் பணம் திருப்பிவிட்டோம். 40 பாட்டில் கடைகளிலிருந்து திரும்பி வந்து அழிக்கப்பட்டது. 29 யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. உங்கள் அலமாரியில் இருந்தால் திறக்காமல் சொல்லுங்கள்." கூடவே வெப்பநிலை குறித்த நோட்டுப் பக்கத்தின் போட்டோ, அக்காவின் கோணல் கையெழுத்தோடு. அந்த 29-ஐ மறைத்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பதிவைப் பார்த்துப் போச்சம்பள்ளியிலிருந்து ஒருவர் இரண்டு பாட்டில் போட்டோ அனுப்பினார்.